பூட்டிய கதவும் ஒன்பது இருபது பஸ்ஸும்



இந்த மாதம் இந்தப் பக்கத்தை ஒரே ஒரு கடிதத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். கடிதம் நமக்கு வந்ததுதான், ஆனால் நமக்கு எழுதியது அல்ல. டெல்டா மாவட்டம் ஒன்றில், ஒரு பேரூராட்சியின் கடைத்தெருவில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் வாசகி, தினமும் தான் பஸ் ஏறும் பேருந்து நிலையம் பராமரிப்பின்றிக் கிடப்பதைப் பற்றி நாளிதழ் ஆசிரியருக்கு எழுதியது. இரண்டு நாளிதழ்களுக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டிலும் வரவில்லை. பிரதியை நமக்கு அனுப்பி, "இதில் என்ன குறை என்று சொன்னால் திருத்தி எழுதுவேன்" என்று கேட்டிருந்தார். அவர் அனுமதியோடு அந்தக் கடிதத்தை இங்கே தருகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நாடு சுதந்திரம் அடைந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் அவல நிலை மட்டும் மாறவே இல்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். எங்கு பார்த்தாலும் குண்டும் குழியுமாகத் தரை. மழை பெய்தால் குளம். மேற்கூரை எப்போது இடிந்து விழுமோ என்ற அச்சத்தில் பயணிகள். உட்கார இருக்கை இல்லை. இருக்கும் இடத்தையும் இருசக்கர வாகனங்கள் அடைத்துக்கொள்கின்றன. குடிநீர்த் தொட்டி வறண்டு பல மாதங்கள் ஆகின்றன. கழிப்பறை பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது, திறந்திருந்தாலும் துர்நாற்றம். குடித்துவிட்டு வருபவர்களின் அட்டகாசம் வேறு. வெளியூர்ப் பேருந்துகள் உள்ளே வராமல் புறவழிச்சாலையிலேயே ஆட்களை இறக்கிவிட்டுப் போகின்றன. ஏலம் எடுத்தவர்களும் அரசியல் பிரமுகர்களும் கைகோத்துக்கொண்டு கொள்ளை அடிப்பதாக மக்கள் பேசிக்கொள்கிறார்கள். பலமுறை முறையிட்டும் பயனில்லை. சம்பந்தப்பட்ட அதிகாரிகள் உறக்கம் கலைந்து எழுவார்களா? உரிய நடவடிக்கை எடுத்து மக்கள் துயர் துடைக்க ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

படித்துப் பாருங்கள். இதில் பொய் என்று ஒரு வரியும் இருக்காது. தமிழ்நாட்டின் எத்தனையோ சிற்றூர்ப் பேருந்து நிலையங்களில் நின்றவர்களுக்கு ஒவ்வொரு வாக்கியமும் கண்ணால் பார்த்ததாகவே இருக்கும். அதனால்தான் இது அச்சேறவில்லை என்பது என் கணிப்பு. எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற கடிதத்தை, நாளிதழில் கடிதங்களைத் தேர்ந்தெடுப்பவர் அன்றைய தினம் வந்த இன்னொரு கடிதத்திலிருந்து பிரித்தறிய முடியாது. அப்படியே அச்சேறினாலும் அதைப் படிக்கும் அதிகாரிக்குத் தன்னை யாரும் கேட்டதாகத் தோன்றாது.

தொலைபேசியில் அவரைக் கூப்பிட்டேன். கடிதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டேன். "நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு விஷயம் அடுத்த மாதமே நடக்கும் என்றால், எது நடந்தால் உங்களுக்குப் போதும்?"

அவர் யோசிக்கவே இல்லை. "பாத்ரூமைத் தொறந்து வெச்சாப் போதும் சார். ஆறு மணிக்குப் பூட்டிட்டுப் போயிடுறாங்க. எங்களுக்குக் கடை விடவே எட்டரை ஆயிடும். எங்க ஊருக்குக் கடைசி பஸ் ஒன்பது இருபது. அதுவரைக்கும் நிக்கணும். காலையில வீட்டை விட்டுக் கிளம்பினா ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான். கடையில எங்களுக்குன்னு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, அதுவும் மாடியில, மொதலாளி வீட்டம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் போகணும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் யாரும் தண்ணியே குடிக்கிறதில்ல."

கடிதத்தில் இதற்கு என்ன இடம் கொடுத்திருக்கிறார் என்று மறுபடி பாருங்கள். தரை, கூரை, இருக்கை, குடிநீர் எல்லாம் முடிந்த பிறகு "பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது" என்று ஓர் அரை வாக்கியம். தன்னை வருத்துவதைச் சொல்லக் கூச்சப்பட்டு, ஊரை வருத்துவதையெல்லாம் முன்னால் வரிசையாக வைத்துவிட்டார். நம் பெண்கள் எழுதும் புகார்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஆறு மணி, எட்டரை, ஒன்பது இருபது: இந்த மூன்று நேரங்களிலேயே அவருடைய கடிதம் முழுசாக இருக்கிறது. மற்றதெல்லாம் அதை மூடியிருந்தது.

தண்ணீர் குடிக்காமல் இருப்பது சின்ன விஷயம் அல்ல. நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்யும் பெண்கள் தண்ணீரைக் குறைத்து, சிறுநீரையும் அடக்கிக்கொண்டே இருந்தால் அது சிறுநீர்த் தொற்றுக்கு வழி செய்யும். கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கடைக்குள் உட்காரும் உரிமையும் பஸ்ஸுக்குள் கட்டணமில்லா இடமும் கிடைத்துவிட்டன. இரண்டுக்கும் நடுவே அவர்கள் நிற்கிற ஒரு மணி நேரத்தைத்தான் யாரும் பார்க்கவில்லை.

அடுத்ததாக அவரிடம் கேட்டது: "இதைச் செய்ய வேண்டியது யார்?" "பஸ் டிப்போக்காரங்கதானே சார்?" என்றார். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். 1972-இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உருவான நாளிலிருந்து பஸ் அரசாங்கத்தின் பஸ், அது வந்து நிற்கும் இடமும் அவர்களுடையது என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டு ஊர்களில் பேருந்து நிலையம் பெரும்பாலும் உள்ளாட்சியின் சொத்து. பேரூராட்சியில் செயல் அலுவலரின் பொறுப்பு. நகராட்சியிலும் மாநகராட்சியிலும் ஆணையரின் பொறுப்பு. உள்ளே வரும் ஒவ்வொரு பேருந்திடமும் நுழைவுக் கட்டணம் வசூலாகிறது. சுற்றியுள்ள கடைகளின் வாடகை, சைக்கிள் ஸ்டாண்ட், கட்டணக் கழிப்பறை எல்லாம் உள்ளாட்சிக்கு வருமானம். விதிவிலக்குகள் உண்டு. சென்னையில் 2002-இல் திறந்த கோயம்பேடும், 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கமும் சி.எம்.டி.ஏ. கட்டியவை. அதனால் கடிதம் எழுதும் முன் உங்கள் ஊர் நிலையம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். கடை வாடகை ரசீதில் யார் முத்திரை இருக்கிறது என்று எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

இதைத் தெரிந்துகொண்டு வாசகியின் கடிதத்தைத் திரும்பப் படித்தால், அது ஏன் யாரையும் அசைக்கவில்லை என்பது புரியும். தரை, கூரை, இருக்கை, குடிநீர், கழிப்பறை, உள்ளே நிற்கும் இருசக்கர வாகனங்கள் எல்லாம் பேரூராட்சியைச் சேர்ந்தவை. பேருந்துகள் புறவழிச்சாலையோடு போய்விடுவது போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் கவனிக்க வேண்டியது. குடித்துவிட்டு வருபவர்கள் காவல் நிலையத்தின் பொறுப்பு. ஏல முறைகேடு என்றால் அது ஊழல் புகார், அதற்கு ஆதாரம் வேண்டும். ஒரே பக்கத்துக்குள் இத்தனை அலுவலகங்கள். "சம்பந்தப்பட்ட அதிகாரிகள்" என்று முடித்தபோது, எல்லாரும் தன்னைத் தவிர மற்றவரைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்ள அவரே வசதி செய்து கொடுத்துவிட்டார்.

நாளிதழில் வெளியான பிறகு ஒரு குறைக்கு என்ன ஆகிறது என்பது பலருக்குத் தெரியாது. மாவட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் குறைகளை மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் கத்தரித்து ஆட்சியர் பார்வைக்கு வைப்பது வழக்கம். அங்கிருந்து அது உரிய துறைக்கு விளக்கம் கேட்டுப் போகும். அந்தத் துண்டுக் காகிதத்தில் ஓர் அலுவலகத்தின் பெயரும் ஒரு கோரிக்கையும் இருந்தால், அந்த அலுவலகம் செய்தோம் என்றோ, ஏன் செய்யவில்லை என்றோ எழுதியாக வேண்டும். நான்கு அலுவலகங்கள் இருந்தால், "எங்கள் துறை சம்பந்தப்பட்டதல்ல" என்ற ஒரு வரியோடு ஒவ்வொருவரும் அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். ஆகவே கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்வதில் நாளிதழின் இட நெருக்கடி ஒரு காரணம்தான். நூற்றைம்பது சொற்களுக்கு மேல் இடம் கிடைப்பது அரிது என்பது உண்மை. அதைவிடப் பெரிய காரணம், பதில் சொல்ல வேண்டியவர் தப்பிக்க வழி இருக்கக் கூடாது என்பது.

இனி வெட்டும் வேலை. சுதந்திரம் அடைந்த எழுபத்தைந்து ஆண்டுகள் முதலில் போயின. முதல் வாக்கியத்தில் ஊர்ப் பெயரும் குறையும் இருக்க வேண்டும். கத்தரித்து ஒட்டுபவர் கண் முதலில் அங்கேதான் போகும். "தங்கள் மேலான கவனத்திற்கு", "ஆவன செய்யுமாறு", "பணிவன்புடன்" எல்லாம் அலுவலக மனுவில் இருந்துவிட்டுப் போகட்டும். நாளிதழில் அவற்றை எப்படியும் எடுத்துவிடுவார்கள். எடுக்கும்போது பக்கத்திலிருக்கும் நல்ல வாக்கியமும் சேர்ந்து போகக்கூடும். நாமே எடுத்துவிடுவது நல்லது.

ஏலம் எடுத்தவரும் பிரமுகர்களும் கைகோத்துக்கொண்டார்கள் என்ற வாக்கியத்தை எடுக்கச் சொன்னபோது வாசகிக்கு வருத்தம். "அதுதான் சார் நெசம்" என்றார். நிஜமாகவே இருக்கலாம். ஆனால் "மக்கள் பேசிக்கொள்கிறார்கள்" என்பதை எந்த ஆசிரியரும் அச்சில் ஏற்ற மாட்டார். நாளைக்கு ஒருவர் அவதூறு வழக்கு என்று வந்தால் காட்டுவதற்குக் கையில் எதுவும் இல்லை. அந்த ஒரு வரிக்காகவே முழுக் கடிதமும் ஒதுக்கப்படும். அவர் கண்ணால் பார்த்தது வேறு ஒன்று இருந்தது. கழிப்பறை வாசலில் கட்டணப் பலகை கிடையாது. மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் ஆளுக்குத் தகுந்தாற்போல் கேட்கிறார். இதை எழுதலாம். யாரும் போய்ப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய செய்தி இது. ஆனால் இந்தக் கடிதத்தில் இதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். கட்டணம் தனிக் குறை. நேரம் தனிக் குறை.

"பலமுறை முறையிட்டும் பயனில்லை" என்ற வரியில்தான் நெடுநேரம் நின்றோம். எப்போது, யாரிடம், என்ன கையில் இருக்கிறது என்று கேட்டேன். வார்டு உறுப்பினரிடம் ஒரு தடவை வாயால் சொன்னாராம். கண்டக்டரிடம் பல தடவை. காகிதம் எதுவும் இல்லை. அப்படியானால் செயல் அலுவலர், "எங்களுக்கு மனு எதுவும் வரவில்லை" என்று ஒரு வரி எழுதினால் கடிதம் அங்கேயே விழுந்துவிடும். அதனால் கடிதத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்தோம். கூட வேலை செய்யும் பெண்களின் கையெழுத்தோடு பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்து, அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்கச் சொன்னேன். முத்திரை போட மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்பலாம். அதுவும் வேண்டாம் என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும். அவர் பேரூராட்சி அலுவலகத்துக்கே போனார். முதலில் "வெச்சிட்டுப் போங்க" என்றார்களாம். இன்னொரு பிரதியை நீட்டி முத்திரை வாங்காமல் நகரவில்லை. தேதியோடு கூடிய அந்த முத்திரை, கடிதத்தின் மிகக் கனமான வாக்கியத்தைத் தந்தது.

அதே நாட்களில் இன்னொரு வேலையும் சொன்னேன். ஆறு மணிக்குப் பூட்டுகிறார்கள் என்பது அவர் பார்த்த நாட்களில் மட்டுமா, எப்போதுமா? அவருக்கு ஆறு மணிக்குக் கடையை விட்டு வர முடியாது. நிலையத்தில் பூ விற்கும் அம்மாவும் பழக்கடைக்காரரும் பார்த்துச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கும் முன்பே. சங்கிலியைக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டுப் போட்டு, நாற்காலியையும் அதே சங்கிலியில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். எட்டரை மணிக்கு அந்த இடத்தைக் கைபேசியில் படம் எடுத்தார். வாசல் விளக்கு எரியவில்லை என்பது படம் பார்த்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. மேசையில் இருப்பவரைப் பகலில் கேட்டதற்கு, "ஆறு மணிக்கு மேல ஆள் கெடையாதுங்க. எனக்குச் சொன்னது அவ்வளவுதான்" என்றிருக்கிறார். அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. யாரோ அவருக்கு நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நேரம் எங்கே எழுதியிருக்கிறது?

குத்தகை நிபந்தனைகளில். இந்தக் கடிதத்தின் கோரிக்கை எங்கே பிறக்க வேண்டுமோ, அது இங்கேதான். கட்டணக் கழிப்பறை, நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்தம் போன்றவற்றைப் பேரூராட்சிகள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டுக் கணக்கில் ஏலம் விடுகின்றன. ஏல அறிவிப்பு வழக்கமாக அதற்கு முந்தைய மாதங்களில் வெளியாகும். என்ன கட்டணம், யார் சுத்தம் செய்வது, என்ன நேரம் என்பதெல்லாம் அந்த நிபந்தனைகளுக்குள் அடங்கும். ஏலம் எடுத்தவர் தொகையைக் கட்டிவிட்ட பிறகு, "இரவு ஒன்பதரை வரை திற" என்றால், "நான் எடுக்கும்போது இப்படிச் சொல்லவில்லையே, ராத்திரிக்கு ஆள் போடச் சம்பளம் யார் கொடுப்பது" என்பார். அவர் கேள்வியிலும் நியாயம் இருக்கும். ஏலத்துக்கு முன்பே நிபந்தனையில் சேர்த்துவிட்டால், அந்தச் சம்பளத்தையும் கணக்குப் போட்டுத்தான் தொகை கேட்பார். பேரூராட்சிக்கு வருமானத்தில் சிறிது குறையலாம். புதிதாக ஒரு செங்கல் வைக்க வேண்டியதில்லை.

நிபந்தனைகளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். "எங்கள் ஊர்ப் பேருந்து நிலையக் கழிப்பறைக்கான நடப்பு ஆண்டுக் குத்தகை நிபந்தனைகளின் நகல் வேண்டும்" என்று ஒரே வரி கேட்டால் போதும். ஏன் பூட்டுகிறீர்கள் என்று அதில் கேட்கக் கூடாது. காரணம் கேட்டால் தர வேண்டியதில்லை என்று தட்டிக்கழிப்பார்கள். ஆவணம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். வாசகி விண்ணப்பித்திருக்கிறார். நகல் வரும்வரை நாளிதழ்க் கடிதத்தை நிறுத்திவைக்க வேண்டாம் என்றேன். ஏலம் முடிந்த பிறகு வந்து சேரும் கடிதத்துக்கு அடுத்த ஆண்டுவரை வேலை இல்லை.

மற்ற குறைகளை என்ன செய்வது என்று கேட்டார். பேருந்துகள் புறவழிச்சாலையில் போவதைத் தனிக் கடிதமாக, வழித்தட எண்ணும் நேரமும் பேருந்தின் பதிவெண்ணும் குறித்து, இரண்டு மாதம் கழித்து எழுதலாம். கூரைப் பூச்சு உதிர்வது உண்மையிலேயே ஆபத்தான நிலையில் இருந்தால், அதுதான் முதல் கடிதமாக இருந்திருக்க வேண்டும். அவர் விசாரித்ததில் சில இடங்களில் மேற்பூச்சு பெயர்ந்திருக்கிறது, கம்பி தெரியவில்லை. அதைப் படத்தோடு பேரூராட்சிப் பொறியாளருக்கு மனுவாகக் கொடுக்கச் சொன்னேன். ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் நமக்கு ஏன் வருகிறது என்றால், மறுபடி எழுத மாட்டோம் என்று நமக்கே தெரிந்திருப்பதால்தான். இவர் மறுபடி எழுதுவார்.

பலமுறை எழுதித் திருத்திய பிறகு வந்த வடிவம் இது. ஊர்ப் பெயர் இருக்கும் இடத்தில் "எங்கள்" என்று போட்டிருக்கிறேன்.

"எங்கள் பேரூராட்சிப் பேருந்து நிலையத்தில் பெண்கள் கழிப்பறையை மாலை 6 மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். கடைசி நகரப் பேருந்து புறப்படுவது இரவு 9.20-க்கு. கடைத்தெருவில் வேலை முடிந்து 8.30 மணிக்கு மேல் வரும் பெண்களும், டியூஷன் முடிந்து வரும் மாணவிகளும், வெளியூர் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் வயதானவர்களும் ஒதுங்க இடமில்லாமல் நிற்கிறோம். மதியத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே பலர் விட்டுவிட்டோம். கழிப்பறையைக் குத்தகைக்கு விட்டிருப்பது பேரூராட்சி. இது குறித்துச் செயல் அலுவலரிடம் டிசம்பர் மாதம் மனு கொடுத்து ஒப்புகை பெற்றிருக்கிறோம். பதில் இல்லை. புதுக் கட்டடம் எதுவும் கேட்கவில்லை. இருக்கும் கழிப்பறையைக் கடைசிப் பேருந்து புறப்படும்வரை திறந்துவைத்து, வாசலில் ஒரு விளக்குப் போட வேண்டும். அடுத்த ஆண்டுக்கான குத்தகை ஏலத்தில் இந்த நேரத்தை நிபந்தனையாகச் சேர்க்கச் செயல் அலுவலரும் பேரூராட்சி மன்றமும் இப்போதே முடிவெடுக்க வேண்டும்."

முதல் கடிதத்தைவிடச் சிறியது. அதில் இல்லாதவை பல இதில் இருக்கின்றன. நேரம் இருக்கிறது. யாரெல்லாம் நிற்கிறார்கள் என்பது இருக்கிறது. மனு கொடுத்த மாதமும், யார் பொறுப்பு என்பதும், என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்பதும் இருக்கின்றன. கோபம் ஒரு சொல்லில்கூட இல்லை. ஆனால் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டோம் என்ற வரியைப் படித்துவிட்டு எந்தச் செயல் அலுவலரும் அடுத்த கோப்புக்குச் சட்டென்று போக முடியாது என்று நம்புகிறேன். "தவிக்கிறோம்" என்று முதலில் எழுதியிருந்தார். "நிற்கிறோம்" என்று அவரே பிறகு மாற்றினார். மிகவும் சரியான மாற்றம்.

அந்தத் தண்ணீர் வரியை விடுவதா வைப்பதா என்று அவருக்குத் தயக்கம் இருந்தது. பெயர் போட்டு வரும் கடிதமாயிற்றே, கடையில் படித்தால் என்ன நினைப்பார்கள் என்றார். தயக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பெயர், முழு முகவரி, தொலைபேசி எண் மூன்றும் இல்லாத கடிதத்தை நாளிதழ்கள் எடுத்துக்கொள்வதில்லை, சரிபார்க்க அவை வேண்டும். ஆனால் அச்சில் முகவரியும் எண்ணும் வருவதில்லை. பெயரை வெளியிட வேண்டாம் என்று காரணம் சொல்லிக் கேட்டுக்கொண்டால் மதிப்பவர்களும் இருக்கிறார்கள். முதலாளிக்கு எதிராகக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கணவரிடமும் படித்துக் காட்டியிருக்கிறார். வரி இருக்கட்டும், பெயரும் இருக்கட்டும் என்று முடிவெடுத்தது அவர்தான்.

கடிதம் வந்தவுடன் என்ன நடக்கக்கூடும் என்பதையும் சொல்லிவைத்தேன். ஒரு வாரம் கதவு இரவு வரை திறந்திருக்கும். விளக்கு எரியும். பினாயில் வாசனை வரும். படம் எடுத்து விளக்கத்தோடு மேலே அனுப்பிவிட்டு, பிறகு பழைய நேரத்துக்கே திரும்பிவிடும் வாய்ப்பு நிறைய உண்டு. ஆகவே வெற்றி என்று எதைச் சொல்வது என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். திறந்த கதவு அடையாளம் அல்ல. ஏல அறிவிப்பின் நிபந்தனைகளில் "கடைசிப் பேருந்து வரை" என்ற வரி அச்சாகி இருக்க வேண்டும். பேரூராட்சி அறிவிப்புப் பலகையில் அது ஒட்டப்படும் நாளில் போய்ப் படித்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஏலத்துக்கு முன்பே இரண்டாவது மனு, இரண்டாவது கடிதம். இருந்தும் பூட்டினால், நிபந்தனையை மீறுகிறார் என்று எழுத அப்போது நமக்குக் கையில் காகிதம் இருக்கும். 2022 தேர்தலில் வந்த மன்ற உறுப்பினர்களில் பெண்கள் நிறையப் பேர். சட்டமே பாதி இடங்களை அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. தன் வார்டின் பெண் உறுப்பினரைப் பார்த்து, இதை மன்றக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லும்படியும் வாசகியிடம் கேட்டுக்கொண்டேன். வாயால் அல்ல, மனு நகலோடு.

கடிதம் பொங்கலுக்கு முன்னால் ஒரே ஒரு நாளிதழுக்குப் போயிருக்கிறது. பல இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பினால் யாரும் போடாமல் போகலாம். அதனால்தான் ஊர்ப் பெயரோடு நாமும் இங்கே வெளியிடவில்லை.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்றோ நாளையோ உங்கள் ஊர்ப் பேருந்து நிலையம் வழியாகப் போகும்போது இரண்டு நேரங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பெண்கள் கழிப்பறை எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், உங்கள் ஊர்ப் பெயரோடும் உள்ளாட்சியின் பெயரோடும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி நமக்கு அனுப்புங்கள். உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் மனுவாகவும் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். ஏல அறிவிப்புகள் வரும் காலம் நெருங்கிவிட்டது. மாசி பிறப்பதற்குள் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்